கோலப் படத்திலிருந்து தரையை நீக்கி வாழ்த்து அட்டையில் வைப்பது எப்படி

வாசலில் போட்ட கோலத்தைப் படம் எடுத்து, தரையை நீக்கிவிட்டு, கோலத்தை மட்டும் பொங்கல் வாழ்த்திலோ கல்யாண அழைப்பிலோ வைக்க நினைப்பவர்கள் முதலில் போவது பின்னணி நீக்கும் செயலிக்குத்தான். ஆள் படமாக இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். கோலத்தில் தடுமாறிவிடும். ஆளுக்கு வெளி விளிம்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் இருப்பதெல்லாம் ஆள், வெளியே இருப்பதெல்லாம் பின்னணி. சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு சுழிக்குள்ளும் தரை இருக்கிறது. கோடு ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதன் ஓரமும் நேராக முடியாமல் பொடிப் பொடியாகத் தரையில் கலந்துபோகிறது. கத்தரிக்கோல் வைக்க ஓர் இடம் இல்லை.

அதனால் இங்கே சொல்லும் முறையில் கத்தரிப்பதே கிடையாது. பொடி வெளுப்பு, தரை கறுப்பு. அந்த வெளிச்ச வித்தியாசத்தையே எடுத்து, வெளுத்த இடம் தெரியட்டும், கறுத்த இடம் மறையட்டும் என்று கணினியிடம் சொல்லப் போகிறோம். பாதி வெளுத்த இடம் பாதி தெரியும். கோட்டின் ஓரத்தில் சிதறிய பொடி அப்படியே பொடியாக வருவது இந்தப் பாதியால்தான்.

இதற்கு GIMP என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2.10 பதிப்பு வைத்திருந்தாலும், 2025-இல் வந்த 3.0 வைத்திருந்தாலும் இந்தப் படிகள் ஒன்றுதான். 3.0-இல் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விளைவின் பெட்டியிலும் கீழே Merge filter என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் விளைவு லேயரின், அதாவது படத்தின் ஓர் அடுக்கின், மேல் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் நிறம் நிரப்பும்போது அது குழப்பும்.

எடுத்துக்காட்டுக்கு என் மைனி போட்ட ஒரு கோலத்தையே வைத்துக்கொள்கிறேன். தக்கலைப் பக்கம் பழைய வீடு, முன்கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை. நேர்ப்புள்ளி, 7 புள்ளி 7 வரிசை, ஆக 49 புள்ளி. அதைச் சுற்றி வளைந்து வரும் சிக்குக் கோலம், வெள்ளைக் கோலப்பொடியில்.

படம் எடுக்கும்போதே முடிந்துவிடும் வேலை

கணினியில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதை, படம் எடுக்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்துத் தவிர்க்கலாம். முக்கியமான எதிரி நிழல். நம் குமரி மாவட்டத்தில் முற்றத்தில் தென்னை நிற்காத வீடு குறைவு. வெயில் ஏறியதும் ஓலை நிழல் கோலத்தின் மேல் வரிவரியாக விழும். அந்த நிழலுக்குக் கூர்மையான ஓரம் உண்டு, பொடியின் கோட்டுக்கும் கூர்மையான ஓரம் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்தக் கருவிக்கும் வழி தெரியாது. ஆகவே சூரியன் கூரைக்கு மேல் வருவதற்கு முன், நன்றாக விடிந்த பிறகு எடுங்கள். மூடாப்பு போட்ட நாள் என்றால் எந்த நேரமும் நல்ல நேரம்தான். வெயில் வந்துவிட்டால் இரண்டு பேர் ஒரு போர்வையை விரித்துப் பிடித்து, கோலம் முழுவதையும் நிழலுக்குள் கொண்டுவரலாம். பாதி நிழல் பாதி வெயில் மட்டும் கூடாது. ஃபிளாஷும் வேண்டாம், அது நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கிவிடும்.

அடுத்தது ஈரம். தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரை காய்ந்த தரையைவிட நன்றாகக் கறுத்துத் தெரியும், அது நமக்கு நல்லது. ஆனால் பொடி ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அதன் வெளுப்பும் போய்விடும். தெளித்த தண்ணீர் வடிந்து, தரை கறுப்பாக இருக்கும்போதே கோலத்தைப் போட்டு உடனே படம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் வானம் வெள்ளையாகத் தெரியும், அதுவும் கோலமாகவே எண்ணப்படும். அரிசியை அரைத்துப் போடும் மாக்கோலத்துக்கு இது நேர் எதிர். போட்டவுடன் அது கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். நன்றாகக் காயும்வரை காத்திருங்கள்.

போனைக் கோலத்துக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். ஸ்டூலிலோ திண்ணை ஓரத்திலோ ஏறி நின்றால் வசதி. 0.5 என்று காட்டும் அகலக் காட்சியைப் பயன்படுத்தினால் ஓரத்தில் உள்ள சுழிகள் வெளிப்பக்கமாக இழுபடும். முடிந்தவரை உயரத்தில் நின்று சாதாரண 1 மடங்கிலோ 2 மடங்கிலோ எடுங்கள். இருட்டான தரையைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், அதில் பொடியின் கோடு வெளுத்துத் தடித்துவிடும். கோட்டின் மேல் விரலால் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாகிவிடும்.

தரையின் நிறம் பார்த்து எதை எடுப்பது

இனி கணினியில். படத்தை GIMP-இல் திறந்து, கோலத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். போன் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் சிறு சாய்வு வரும். மேல் வரிசைப் புள்ளிகளின் அகலமும் கீழ் வரிசைப் புள்ளிகளின் அகலமும் வேறாக இருந்தால் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். திரையின் மேலும் இடப்பக்கமும் உள்ள அளவுகோலிலிருந்து சுட்டியால் இழுத்தால் நீலக் கோடுகள் வரும். நான்கு ஓரப் புள்ளிகளுக்கு ஒரு சதுரம் அமையும்படி அவற்றை வைத்துக்கொண்டு, Shift+P அழுத்தி Perspective கருவியை எடுங்கள். நான்கு ஓரப் புள்ளிகளும் அந்தச் சதுரத்தின் மூலைகளில் உட்காரும்வரை படத்தின் மூலைகளை இழுத்து Transform அழுத்துங்கள். நேர்ப்புள்ளிக் கோலத்தில் இது சுலபம். இடுக்குப்புள்ளிக் கோலமாக இருந்தால் நடு வரிசையையும், அதற்குச் செங்குத்தான அச்சையும் பார்த்துச் சரிசெய்யலாம்.

இப்போது பலரும் தவறவிடும் படி. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும், ஆனால் Desaturate கொடுத்து மாற்றக் கூடாது. ஒவ்வொரு வண்ணப் படத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் எதில் தரை மிகக் கறுப்பாக இருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

மைனி வீட்டுத் தரையை நிறம் பார்க்கும் கருவியால் தொட்டால் ஏறக்குறைய சிவப்பு 150, பச்சை 70, நீலம் 55 என்று காட்டியது. பொடியைத் தொட்டால் 225, 220, 210. சிவப்பில் பார்த்தால் தரைக்கும் பொடிக்கும் வித்தியாசம் 75 மட்டும். பச்சையில் 150, நீலத்தில் 155. அதாவது சிவப்பை விட்டுவிட்டு மற்ற இரண்டில் ஒன்றை எடுத்தால் கோலம் இரண்டு மடங்கு பளிச்சென்று தனியாக நிற்கிறது. Desaturate மூன்றையும் கலந்து கொடுப்பதால் இந்த ஆதாயத்தைக் கொஞ்சம் தொலைத்துவிடும்.

பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் பச்சையை எடுங்கள். போன் கேமராவின் சென்சாரில் பச்சையைப் பார்க்கும் கண்கள் மற்ற நிறங்களைப் போல இரண்டு மடங்கு இருக்கும், அதனால் பச்சைப் படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைவு. சாணி மெழுகிய முற்றத்தில் கதை வேறு. அந்தத் தரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்திருக்கும், நீலம்தான் மிகக் குறைவு. அங்கே இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு நீலத்தையே எடுக்க வேண்டும். சாம்பல் நிற சிமெண்டிலும் இன்டர்லாக் கல்லிலும் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும், பச்சை போதும். இன்டர்லாக் கல் போட்ட முற்றத்தில் கல்லுக்குக் கல் நடுவே இருக்கும் மணல் பொடியோடு சேர்ந்து வெளுத்துத் தெரியும். கோலம் போடுமுன் தண்ணீரை நன்றாகத் தெளித்தால் அந்த மணல் கறுத்து அடங்கும்.

கோலத்தைச் சுற்றிக் காவிக் கரை இருந்தால், இந்த வண்ணப் படத்தை முதலில் தனியாக ஒரு பிரதி சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எடுப்பதற்கு Colors மெனுவில் Components, அதற்குள் Extract Component. வரும் பெட்டியில் Component என்ற இடத்தில் RGB Green அல்லது RGB Blue-ஐத் தேர்ந்தெடுங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தாலே எது நல்லது என்று கண்ணுக்குத் தெரியும், எண்களைக் கணக்குப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

தரையின் வெளிச்சத்தைச் சமன் செய்வது

வாசல் பக்கம் வெளிச்சம் அதிகமாகவும் சுவர் பக்கம் இருட்டாகவும் இருப்பது சகஜம். இதை அப்படியே விட்டால், இருட்டான மூலையில் கோலம் சரியாக வரும்போது வெளிச்சமான மூலையில் தரையும் கூடவே வந்து நிற்கும். படம் முழுவதும் ஒரே வெளிச்சமாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்.

லேயரை ஒரு பிரதி எடுங்கள். மேலே உள்ள பிரதிக்கு Filters, Blur, Gaussian Blur கொடுத்து, கோடெல்லாம் கரைந்து வெறும் வெளிச்சப் புகை மட்டும் மிஞ்சும்வரை அளவைக் கூட்டுங்கள். கோட்டின் தடிமனைப்போல குறைந்தது பத்து மடங்கு வேண்டும். மைனியின் கோலம் படத்தில் 3000 பிக்சல் அகலம், கோடு 20 பிக்சல் தடிமன். அதற்கு 200 வைத்தேன். பிறகு லேயர் பட்டியலின் மேலே உள்ள Mode-ஐ Subtract ஆக்குங்கள். கீழே இருக்கும் படத்திலிருந்து அந்த வெளிச்சப் புகை கழிந்து, தரை எங்கும் ஒரே கறுப்பாகிவிடும். Layer மெனுவில் New from Visible கொடுத்தால் அந்த முடிவு ஒரு தனி லேயராகக் கிடைக்கும். இனி அதில்தான் வேலை.

இதில் ஒரு சிக்கல் வரலாம். கோலத்தின் நடுவில் கோடுகள் நெருக்கமாக இருந்தால், மங்கலாக்கிய பிரதியில் அந்த இடம் மொத்தமாக வெளுத்திருக்கும். கழிக்கும்போது அங்கே அதிகமாகக் கழிந்து, நடுக் கோடுகள் மெலிந்தும் ஓரக் கோடுகள் தடித்தும் தெரியும். அப்படிக் கண்டால் பின்னால் போய் மங்கல் அளவை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். கோலம் போட்டவர் ஒரே கையால் ஒரே அழுத்தத்தில் விட்ட பொடி, இடத்துக்கு இடம் தடிமன் மாறித் தெரிவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

புள்ளிகளை நம்பி Levels

Colors மெனுவில் Levels-ஐத் திறங்கள். மலை மாதிரி ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று முக்கோணங்களும் இருக்கும். இடது கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்தினால் தரையின் சொரசொரப்பு மறையும். வலது வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் கோடு அடர்த்தியாகும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அதற்குப் புள்ளிகளே பதில் சொல்லும். கோடு இழுக்கும்போது விழும் பொடியைவிடப் புள்ளி வைக்கும்போது விழும் பொடி குறைவு, அதனால் கறுப்பு முக்கோணத்தை அதிகம் நகர்த்தினால் முதலில் காணாமல் போவது புள்ளிகள்தான். 49 புள்ளியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளி மங்கத் தொடங்கினாலும் கொஞ்சம் பின்வாங்குங்கள், அதுதான் எல்லை. தரையில் இரண்டு அழுக்கு மிஞ்சினால் பின்னால் கையால் அழிக்கலாம். போன புள்ளியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கோலம் தெரிந்தவர் கண்ணுக்குப் புள்ளி குறைந்த சிக்குக் கோலம் உடனே உறுத்தும். மைனியிடம் முதல் பிரதியைக் காட்டியபோது அவர் சொன்னதும் அதுதான்: “கோடு கொஞ்சம் அங்கஇங்க ஆனாலும் பரவால்ல, புள்ளிய விட்டுராத கேட்டியா.”

இரண்டு முக்கோணங்களையும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சி, நடுவில் இருக்கும் சாம்பல் எல்லாம் போய்விடும். கோட்டின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்காவது சாம்பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் மாஸ்க் ஆகும் இடம்

இப்போது கையில் இருப்பது கறுப்பின் மேல் வெள்ளைக் கோலம். இதை மாஸ்க் ஆக்க வேண்டும், அதாவது லேயரில் எது தெரியட்டும், எது மறையட்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். லேயர் பட்டியலில் அந்த லேயரின் மேல் வலது பொத்தானை அழுத்தி Add Layer Mask கொடுங்கள். வரும் பெட்டியில் Grayscale copy of layer என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் தரை மறைந்து, கட்டம் கட்டமான பின்னணி தெரியும். மற்ற லேயர்களின் கண் குறியை அணைத்துவிட்டால்தான் இது தெரியும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கோட்டின் ஓரத்தில் இருக்கும் பாதி வெளுத்த பிக்சல்களில் இன்னும் கறுப்பு கலந்திருக்கிறது. இதை மஞ்சள் பின்னணியில் வைத்தால் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் ஓர் அழுக்கு ஓரம் தெரியும். வண்ணப் படத்தில் நேரடியாகக் கத்தரித்தவர்களுக்குச் செம்மண் நிறத்தில் ஓர் ஓரம் ஒட்டிக்கொண்டே வருவதும் இதனால்தான். தீர்வு மிக எளிது. லேயர் பட்டியலில் இரண்டு சிறு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் இருப்பது லேயர், வலப்பக்கம் இருப்பது மாஸ்க். இடப்பக்கத்தைச் சொடுக்கி, வேண்டிய நிறத்தை முன் நிறமாக வைத்து, Edit மெனுவில் Fill with FG Color கொடுங்கள். லேயர் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். வடிவத்தை மாஸ்க் மட்டுமே பார்த்துக்கொள்ளும். இனி எந்தப் பின்னணியில் வைத்தாலும் ஓரத்தில் தரையின் நிறம் வர வழியே இல்லை, ஏனென்றால் படத்தில் தரையின் நிறம் ஒரு துளிகூட மிச்சமில்லை.

தூய வெள்ளையை நான் நிரப்புவதில்லை. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, அரிசி மாவின் நிறம், அதுதான் அச்சில் கோலமாகத் தெரிகிறது.

அடுத்து, கீழே ஒரு புது லேயர் போட்டு அதை அடர்ந்த பச்சையாலோ அரக்காலோ நிரப்புங்கள். கட்டம் கட்டமான பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மூட்டம் இப்போது வெளியே வரும். கோலத்தைச் சுற்றி ஒரு பனி படர்ந்த மாதிரி இருந்தால், தரை இன்னும் முழுசாகப் போகவில்லை. மாஸ்கைச் சொடுக்கிவிட்டு அதன் மேலேயே Levels-ஐத் திறந்து கறுப்பு முக்கோணத்தைச் சற்று நகர்த்துங்கள், புள்ளிகளை ஒரு கண் பார்த்துக்கொண்டே. மிஞ்சும் அழுக்கு, காலடித் தடம், விழுந்த பூவிதழ், இவற்றை மாஸ்கின் மேல் கறுப்புத் தூரிகையால் தடவினால் மறையும். தவறிக் கோட்டைத் தடவிவிட்டால் உடனே Ctrl+Z.

பொடி சிதறியதை முழுவதும் துடைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கோட்டுக்கு அருகே சிதறிய பொடிதான், இது கணினியில் வரைந்ததல்ல, ஒருவர் குனிந்து கையால் போட்டது என்று காட்டுகிறது. கோட்டிலிருந்து தூரத்தில் தனியாகக் கிடப்பதை மட்டும் எடுத்தால் போதும்.

காவியும் அத்தப்பூவும்

கோலத்தைச் சுற்றிக் காவிக் கரை கட்டியிருந்தால் மேலே சொன்ன வழியில் அது வராது. நீலத்திலும் பச்சையிலும் காவி கறுப்பாகத்தான் இருக்கும், தரையோடு சேர்ந்து போய்விடும். சாம்பல் நிறத் தரையாக இருந்தால் அதைத் தனியாக எடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சாய்வைச் சரிசெய்த வண்ணப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழே உள்ளதில் RGB Red, மேலே உள்ளதில் RGB Blue என்று பிரித்து, மேலே உள்ளதை Subtract ஆக்குங்கள். வெள்ளைப் பொடியிலும் சாம்பல் தரையிலும் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய சமம் என்பதால் இரண்டும் கழிந்து கறுப்பாகிவிடும். சிவப்பு அதிகமாக உள்ள காவி மட்டும் வெளுத்து நிற்கும். அதற்கு Levels, மாஸ்க், காவி நிறம் நிரப்புதல் என்று அதே படிகள். இரண்டு லேயரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கோலமும் கரையும் சேர்ந்துவிடும். சிவப்பு சிமெண்ட் தரையில் இது நடக்காது, தரையும் காவியும் ஒரே நிறக் குடும்பம். அங்கே கரையைப் புதிதாக வரைந்துகொள்வதே நல்லது.

ஓணத்துக்குப் போடும் அத்தப்பூக் கோலத்துக்கு இந்த முறை தேவையே இல்லை. தோவாளையிலிருந்து வந்த செண்டும் அரளியும் வாடாமல்லியும் நிறத்துக்கு நிறம் வெளிச்சம் மாறும், வாடாமல்லி தரையைவிடக் கறுப்பாக இருக்கும். ஆனால் அதற்கு முழுசான வட்ட விளிம்பு இருக்கிறது. Ellipse Select கருவியால் வட்டத்தைச் சுற்றித் தேர்ந்து, Select மெனுவில் Feather-இல் சில பிக்சல் மென்மை கொடுத்து நகலெடுத்தாலே வேலை முடிந்தது. இதழ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை மட்டும் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

வாழ்த்தில் வைப்பது

முதலில் GIMP-இன் சொந்தக் கோப்பாக, .xcf என்று சேமியுங்கள். மாஸ்க் அதில் உயிரோடு இருக்கும், அடுத்த வருடம் நிறம் மாற்றிக்கொள்ளலாம். பிறகு பின்னணி லேயரின் கண்ணை அணைத்துவிட்டு, File மெனுவில் Export As கொடுத்து, பெயரின் கடைசியில் .png என்று தட்டுங்கள். .jpg என்று கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பகுதி எல்லாம் ஏதோ ஒரு நிறத்தால் நிரம்பிவிடும், அந்த வகைக் கோப்புக்கு வெறுமையைச் சேமிக்கத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் சதுர வாழ்த்துக்கு 1080க்கு 1080 பிக்சல் போதும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். மைனியின் கோலம் 3000 பிக்சல் அகலத்தில் 20 பிக்சல் கோடு. வாழ்த்தில் அதை 700 பிக்சலாகச் சுருக்கினால் கோடு 5 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், நன்றாகத் தெரியும். இதே இடத்தில் மெல்லிய கோட்டில் போட்ட 15 புள்ளிக் கோலத்தை வைத்தால் கோடு 2 பிக்சலுக்குக் கீழே போய், போன் திரையில் வெறும் நரை மாதிரித் தெரியும். பெரிய கோலத்தை வைத்தே ஆக வேண்டும் என்றால், எழுத்தைச் சுருக்கிக் கோலத்துக்கு இடம் கொடுங்கள். சுருக்குவதை ஒரே தடவையில் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் சுருக்கிப் பெரிதாக்கினால் பொடியின் சொரசொரப்பு குழைந்துவிடும். அச்சடிக்கும் அட்டைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், 5 அங்குலக் கோலத்துக்கு 1500 பிக்சல் வேண்டும்.

பின்னணிக்கு அரக்கு, கரும்பச்சை, மயில் நீலம் எல்லாம் வெள்ளைக் கோலத்தைத் தூக்கிக் காட்டும். வெளிர் மஞ்சள் பின்னணிதான் வேண்டும் என்றால், லேயரில் வெள்ளைக்குப் பதில் காவி நிறத்தை நிரப்பிக்கொள்ளுங்கள், மாஸ்க் மாறாது. நிழல் விளைவு சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பொடி தரையோடு ஒட்டிக் கிடக்கும் பொருள், அதற்குக் கீழே நிழல் விழுந்தால் கம்பியை வளைத்து மேலே மிதக்கவிட்ட மாதிரி ஆகிவிடும். சிக்குக் கோலத்தை ஓரத்தில் பாதி வெட்டி வைப்பதையும் தவிர்க்கலாம். கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்வதுதான் அந்தக் கோலம், வெட்டினால் அந்தச் சேர்க்கை போய்விடும். மூலைக்கு ஏதாவது வேண்டும் என்றால் சின்னதாக ஒரு 3 புள்ளிக் கோலத்தைத் தனியாகப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினி இல்லாமல் போனிலேயே செய்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டி, தரை முழுக் கறுப்பாகும்வரை கொண்டுவாருங்கள். லேயர் கலக்கும் வசதி உள்ள எந்தச் செயலியிலும் அதை வாழ்த்துப் பின்னணியின் மேல் வைத்து, கலப்பு முறையை Screen ஆக்கினால் கறுப்பு மறைந்து வெள்ளை மட்டும் நிற்கும். வெளிர் பின்னணி என்றால் படத்தை முதலில் எதிர்மறையாக்கி, Multiply வைக்க வேண்டும், அப்போது கறுப்புக் கோலம் கிடைக்கும். விருப்பப்பட்ட நிறம் கொடுக்க முடியாது, நிறப் பிரிவும் கிடைக்காது என்பதால் சிவப்புத் தரையில் கொஞ்சம் அழுக்கு மிஞ்சும். ஆனால் அவசரத்துக்கு இது போதும்.

எடுத்த .png கோப்பை இன்னொருவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் Document என்று தேர்ந்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது வழியிலேயே .jpg ஆக மாறி, வாங்கியவர் கையில் கோலத்துக்குப் பின்னால் ஒரு நிறத் தட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போதும் இப்படித்தான், அல்லது பென் டிரைவில் கொடுத்துவிடலாம்.